முடிச்சு வரை கதை, அதற்குப் பிறகு காரணம்

“கோபியிலிருந்து எழுதுகிறேன். படம் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதினால் ‘கதையைச் சொல்லிட்டியே’ என்று திட்டு விழுகிறது. கதையை எடுத்துவிட்டால் ‘நல்லா இருந்துச்சு, இரண்டாம் பாதி மொக்கை’ என்பதைத் தவிர ஒன்றும் மிஞ்சுவதில்லை. போன வாரம் ‘நாயகனின் அண்ணன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தெரியும் இடத்தில் படம் படுத்துவிடுகிறது’ என்று ஒரே ஒரு வரிதான் எழுதினேன். அதுவும் தப்பா? அப்புறம் எப்படித்தான் எழுதுவது?”

அந்த வரியில் இரண்டு குறை இருக்கிறது. ஒன்று உங்களைத் திட்டியவர்கள் சொன்னது: யார் செய்தது என்பதை உடைத்துவிட்டீர்கள். இன்னொன்றை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். படம் ஏன் படுத்தது என்பது அந்த வரியில் இல்லவே இல்லை. அண்ணன்தான் காரணம் என்பது நம்பும்படி இல்லையா, முன்பே ஊகிக்க முடிந்ததா, தெரிந்த பிறகு படத்துக்குச் செய்ய வேலை இல்லாமல் போனதா? மூன்றும் வேறு வேறு குறைகள். படம் பார்த்துவிட்ட ஒருவர் படித்தாலும் உங்கள் கட்சி என்னவென்று அவருக்குப் புரியாது. ஆகக் கதையைக் கொடுத்தும் தீர்ப்புக்கு ஆதாரம் சேரவில்லை. உங்கள் சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: நடந்த சம்பவத்தைச் சொன்னாலே காரணம் சொன்னதாக ஆகிவிடும் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். கோவையில் ஒரு சின்னத் திரைப்பட வட்டத்தில் பல வருடமாகப் படம் போட்டுப் பேசி, சிற்றிதழ்களுக்கு விமர்சனம் எழுதிவரும் அனுபவத்தில், இதைச் சரிசெய்யும் வழியைச் சொல்கிறேன்.

முதலில், கதையை எதுவரை சொல்லலாம் என்ற கேள்வி. இதற்கு நம்மிடம் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் கோவையில் சென்ட்ரல், பக்ஷிராஜா ஸ்டுடியோக்களும் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அதில் பாட்டுகளுக்கு முன்னால் கதைச் சுருக்கம் இருக்கும். யார், எந்த ஊர், என்ன ஆசை, எங்கே சிக்கினார்கள் என்று சொல்லிக்கொண்டே போய், சரியான இடத்தில் இரண்டு மூன்று கேள்வி போட்டு ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் விற்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்றாலும், அவர்கள் நிறுத்திய இடம் சரியான இடம். படம் தன் முக்கியமான கேள்வியைப் பார்வையாளர் முன்னால் வைக்கும் வரைக்கும் நடப்பது எல்லாம் சொல்லலாம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழியில் நடப்பது எதையும் சொல்லக் கூடாது. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தில் அந்த முடிச்சு பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் விழுந்துவிடும். இடைவேளை வரை இழுக்கும் படங்களும் உண்டு. அதனால் கடிகாரத்தைப் பார்க்காமல், ‘இனி என்ன ஆகும்’ என்று உங்கள் மனதில் முதல் தடவை தெளிவாக எழுந்த கேள்வி எது என்று பாருங்கள். அதுதான் எல்லைக் கல்.

இதை ஒரு படத்தில் வைத்துப் பார்ப்போம். எங்கள் வட்டத்தில் புதிதாக எழுத வருபவர்களுக்கு ‘அந்த நாள்’ படத்தைத்தான் கொடுப்பேன். 1954-இல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு, நடனம், சண்டை ஒன்றும் கிடையாது. கொலை வழக்கு என்பதால் கதையை உடைத்துவிடும் அபாயம் வரிக்கு வரி இருக்கிறது. இதில் முதல் கேள்வியே வேடிக்கையாக வரும்: ‘சிவாஜி செத்துவிடுகிறார் என்று எழுதலாமா?’ நாயகன் சாவதை எழுதக் கூடாது என்று பாதிப் பேர் தயங்குவார்கள். தாராளமாக எழுதலாம். படம் ஆரம்பிப்பதே அவர் சுடப்படுவதில்தான். ‘யார் சுட்டது’ என்ற கேள்வியை எழுப்புவதே அந்தச் சாவு. அதைச் சொல்லாமல் படத்தை விவரிக்கவே முடியாது. ஒரு சம்பவம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து மறைக்கத் தேவையில்லை. அது முடிச்சுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் கணக்கு.

நான் எழுதினால் கதைப் பகுதி இவ்வளவுதான்: ‘1943 அக்டோபர். சென்னை மீது ஜப்பான் குண்டு போட்ட மறுநாள் காலை, ராஜன் என்ற ரேடியோ எஞ்சினியர் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறார். மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ராஜனோடு பழகிய இன்னொரு பெண் என்று சந்தேகத்துக்கு இடமானவர்கள் ஐந்து பேர். ஆளாளுக்கு ஒரு கதை சொல்லி, கையை வேறொருவர் பக்கம் நீட்டுகிறார்கள். விசாரிக்க வந்த சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் எதை நம்புவார்?’ அவ்வளவுதான், நிறுத்திவிடுவேன். காலம், இடம், ஆட்கள், கேள்வி, கதை சொல்லும் முறை ஐந்தும் வந்துவிட்டன. இதற்கு மேல் ஒரு சம்பவம்கூட வேண்டாம்.

கொலையாளி பெயரை எழுதக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பெயரை எழுதாமலேயே உடைப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. ‘நீங்கள் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஆள்’ என்று எழுதிப் பாருங்கள். வாசகர் படம் பார்க்க உட்கார்ந்ததும், சந்தேகப்படும்படி இருக்கிற எல்லோரையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார். மிச்சம் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ‘கடைசி 10 நிமிடம் அதிரடி’ என்றால், அதுவரை வரும் முடிவு எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டீர்கள். ஒரு துணை நடிகரைப் பாராட்டி ‘இரண்டாம் பாதியில் வேறு ஆளாகிவிடுகிறார்’ என்று எழுதுவதும், ‘கைக்குட்டையோடு போங்கள்’ என்று எழுதுவதும் இதே வகைதான். ‘அந்த நாள்’ பற்றி எழுதுபவர்கள் பலர், ராஜன் எப்படிப்பட்டவர் என்பதை முதல் வரியிலேயே ஒரு சொல்லில் சொல்லி, சிவாஜி அப்படி ஒரு வேடத்தை ஏற்றதைப் புகழ்கிறார்கள். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதவில்லை. செத்துப்போன ஒருவர் யார் என்பதை ஐந்து பேர் வாய்மொழியிலிருந்து நாமே சேர்த்துக் கட்டுவதுதான் அந்தப் படம் கொடுக்கும் அனுபவம். அந்த ஒரு சொல் அதைப் பறித்துவிடும். புகழ்ச்சி நியாயமானதுதான், அதற்கான இடம் படம் பார்த்தவர்களுக்கான கட்டுரை.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தோடு ஒப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. 1950-இல் வந்த அந்தப் படத்திலும் ஒரே சாவைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள் என்பதால் கதை சொல்லும் முறையை ஒரு சொல்லில் விளக்க அது உதவும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த வாசகர், இதுவும் அப்படியே முடியுமா முடியாதா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் ‘பலர் சொல்லும் முறையில்’ என்று எதில் ஒற்றுமை என்பதைச் சொல்லி, அதோடு விட்டுவிடுங்கள்.

சரி, கதை ஐந்து வரியில் முடிந்துவிட்டது. மீதிப் பக்கத்துக்கு என்ன எழுதுவது? நீங்கள் மாட்டிக்கொண்டதும் இங்கேதான். திரையில் எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பதை எழுதுங்கள். ‘என்ன நடக்கிறது’ என்பதை எடுத்துவிட்டாலும் ‘எப்படி நடக்கிறது’ முழுதாகக் கையில் இருக்கிறது. ‘அந்த நாள்’ படத்தில் வெளிச்சத்தை விட நிழலுக்கு வேலை அதிகம். ஒவ்வொருவரும் சொல்லும்போது ராஜனின் வேறு ஒரு பக்கம் தெரிவதால், சிவாஜி ஒரே ஆளைக் கோபமாகவும் கனிவாகவும் அலட்சியமாகவும் மாற்றி மாற்றிக் காட்டவேண்டி இருக்கிறது. பாட்டு இல்லாததால் இறுக்கம் நடுவில் தளர்வதே இல்லை. அதே காரணத்தால், எல்லாப் பாரத்தையும் வசனம் சுமக்கிறது. முகத்திலேயே தெரிந்துவிட்டதை மறுபடி வாயாலும் சொல்லும் இடங்கள் உண்டு என்பது என் அபிப்பிராயம். இந்த ஐந்து வாக்கியத்தில் ஒன்றிலாவது கதை உடைந்ததா? இல்லை. ஆனாலும் ஒருவர் இதை வைத்தே, தனக்கு இந்தப் படம் ஒத்துவருமா என்று முடிவெடுக்கலாம்.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். ‘பாட்டு இல்லை’ என்பது தகவல். ‘இறுக்கம் தளரவில்லை’ என்பது அதனால் ஆன விளைவு. ‘வசனம் கொஞ்சம் அதிகம்’ என்பது என் கருத்து. நேர்மையான விவரிப்பு என்று நான் நினைப்பது இந்த மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பாமல் வைப்பதை. ‘பாட்டே இல்லாத வறண்ட படம்’ என்று எழுதினால் தகவலுக்குள் தீர்ப்பை ஒளித்துவைத்தாகிவிடும். வாசகர் உங்களோடு முரண்படக்கூட இடம் இருக்காது. படம் என்ன செய்ய முயல்கிறது என்பதை அதன் பக்கம் நின்று ஒரு வரி சொல்லிவிட்டு, அது கைகூடியதா என்று பிறகு பேசுங்கள். துப்பறியும் படத்தைக் குடும்பப் படமாக இல்லை என்று குறை சொல்வதில் பயன் இல்லை.

நம் பக்கத்தில் இருந்து எழுதுபவர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. கொங்கு மண்ணில் நடப்பதாக வரும் படங்களின் பேச்சை எடைபோட நம்மால் முடியும். அதைப் பலரும் ‘கொங்குத் தமிழ் ஒட்டவில்லை’ என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஏன் ஒட்டவில்லை என்று காட்டுங்கள். வழக்கமாக நான் பார்ப்பது, எல்லா வாக்கியத்தின் வாலிலும் ஒரு ‘ங்க’ வைத்துவிட்டால் கொங்கு வந்துவிடும் என்ற எண்ணம். அந்த ‘ங்க’ யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். கோபத்தில் காணாமல் போகும். படத்தில் ஒரு பண்ணாடி அதிகாரியிடம் பணிவாகப் பேசும்போதும் தோட்டத்தில் எதிரியிடம் கத்தும்போதும் அதே ‘ங்க’ வந்தால், எழுதியவர் காதால் கேட்காமல் எழுதியிருக்கிறார் என்று தெரியும். நடுவில் ‘சொல்லிப்போட்டு’, ‘ஒறம்பரை’, ‘பொழுதோட’ மாதிரிச் சொல் ஒன்றுகூட இயல்பாக வராமல், சென்னைப் பேச்சின் வாலில் மட்டும் ‘ங்க’ தொங்கினால் இரண்டாவது ஆதாரமும் கிடைத்துவிட்டது. முதல் கால் மணி நேரத்தில் வரும் ஒரு வசனத்தை எடுத்து இப்படி விளக்கினால் போதும். மதுரையில் இருப்பவருக்கும் புரியும், கதையும் உடையாது. அதே சமயம், நம் காதுக்கு ஒட்டாததாலேயே படம் மோசம் என்று ஆகிவிடாது. அதைத் தனிக் குறையாகச் சொல்லிவிட்டு, மற்றதை அதன் தகுதிப்படி பேசவேண்டும்.

இனி உங்கள் அண்ணன் வரிக்கு வருகிறேன். குறை படத்தின் முடிவிலேயே இருந்தால் என்ன செய்வது என்பது கடினமான இடம்தான். சம்பவத்தைச் சொல்லாமல் குறையின் வகையைச் சொல்லவேண்டும். அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை, அதனால் மூன்று விதமாகவும் எழுதிக் காட்டுகிறேன். அண்ணன் அப்படிச் செய்யக்கூடியவர் என்பதற்கு முன்பு ஒரு தடயமும் இல்லை என்பது குறையானால்: ‘படம் தன் முக்கியக் கேள்விக்குச் சொல்லும் பதில், அதுவரை காட்டியதிலிருந்து வளரவில்லை, வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்ததுபோல இருக்கிறது.’ முன்பே தெரிந்துவிட்டது என்பது குறையானால்: ‘பதிலைப் படம் சொல்வதற்கு வெகுநேரம் முன்பே ஊகித்துவிடலாம், அதன் பிறகும் தெரியாததுபோல நம்மைக் காக்கவைக்கிறது.’ தெரிந்த பிறகு வேலை இல்லாமல் போனது குறையானால்: ‘மர்மத்தை மட்டுமே நம்பி ஓடிய படம், அது விலகியதும் ஆட்களின் உறவைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லாமல் நிற்கிறது.’ படம் பார்த்தவர் படித்தால் எந்த இடத்தைச் சொல்கிறீர்கள் என்று சட்டெனப் பிடிபடும். பார்க்காதவருக்கு அண்ணன் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. உறவுமுறைச் சொற்களில் கவனமாக இருங்கள். நம் படங்களில் துரோகம் பெரும்பாலும் குடும்பத்துக்குள்தான் நடக்கும். ‘உறவு’ என்று எழுதினால்கூடச் சில படங்களில் வட்டம் சுருங்கிவிடும். உங்கள் படம் அப்படிப்பட்டதானால் மூன்றாவது வாக்கியத்தில் ‘உறவை’ எடுத்துவிட்டு ‘ஆட்களைப் பற்றி’ என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியதைச் சோதிக்க இரண்டு பேர் போதும். படம் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, ‘முடிவு என்னவாக இருக்கும், சொல்லு’ என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால், எந்த வரியை வைத்துச் சொன்னார் என்று கேட்டு அதை எடுத்துவிடுங்கள். பார்த்த ஒருவரிடம் கொடுத்து, ‘நான் எந்த இடத்தைக் குறை சொல்கிறேன்’ என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் பூசி மெழுகிவிட்டீர்கள் என்று அர்த்தம். முதல் சோதனையைப் பலர் செய்கிறார்கள். இரண்டாவதைச் செய்யாததால்தான் ‘திரைக்கதையில் தொய்வு’ என்று எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வரிகள் வந்து விழுகின்றன.

தீர்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தியேட்டரை விட்டு வந்ததும், விமர்சனம் எழுத உட்காருவதற்கு முன்பே, ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துவிடுங்கள். அதில் பாருங்கள் அல்லது விடுங்கள் என்பதும், அதற்கு முதன்மையான ஒரே காரணமும் இருக்கவேண்டும். ‘அந்த நாள்’ படத்துக்கு என்னுடையது: ‘நிழலும் நடிப்பும் சேர்ந்து கடைசிவரை இருக்கையில் வைத்திருக்கும் விசாரணைப் படம், வசனம் கொஞ்சம் கூடுதல் என்றாலும் கட்டாயம் பாருங்கள்.’ பிறகு எழுதும் எல்லாம் இந்த வாக்கியத்தைத் தாங்கவேண்டும். தாங்காத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்பதைத் தவிருங்கள். கோபியிலிருந்து ஈரோட்டுக்கு பஸ் ஏறிப்போய்ப் பார்க்கலாமா, வீட்டில் ஓடிடியில் வரும்வரை பொறுக்கலாமா என்றுதான் படிப்பவர் கேட்கிறார். அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. டிரெய்லரிலேயே காட்டிவிட்டதை எழுதலாமா? எழுதலாம் என்று பலர் சொல்கிறார்கள். டிரெய்லரே பார்க்காமல் வருபவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர் இருப்பதால் நான் எழுதுவதில்லை. நாவலிலிருந்தோ வரலாற்றிலிருந்தோ எடுத்த படத்தில், ஊருக்கே தெரிந்த முடிவை மறைப்பதில் அர்த்தம் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் படம் மூலத்திலிருந்து எங்கே விலகுகிறது என்பதை மறைக்கவேண்டும், ஏனென்றால் அதுதான் அங்கே புதிய முடிச்சு. 70 வருடத்துக்கு முந்தைய படத்தின் மர்மத்தை இன்னும் காக்கவேண்டுமா என்றும் கேட்கிறார்கள். எங்கள் திரையிடலுக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது புதுப்படம்தான் என்பதால் நான் காக்கிறேன். வேண்டாம் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஒரு படத்தின் முடிவு நேர்மையற்றது, சாதியையோ பெண்ணையோ இழிவு செய்கிறது என்று நீங்கள் நினைத்தால் மட்டும், சுற்றி வளைக்காமல் அந்த முடிவையே எடுத்துப் பேசவேண்டி வரும். அப்போது முதல் வரியிலேயே ‘படம் பார்த்தவர்களுக்கு மட்டும்’ என்று போட்டுத் தனியாக எழுதுங்கள்.

ஒலி, ஒளி விஷயத்தில் எனக்கும் ஒரு எல்லை உண்டு. நான் அந்தத் தொழிலைப் படித்தவன் இல்லை. படம் இருட்டாகத் தெரிந்தால் அது ஒளிப்பதிவாளர் எடுத்த முடிவா, புரொஜெக்டர் விளக்கு மங்கிவிட்டதா என்று ஒரு தியேட்டரில் உட்கார்ந்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வசனம் கேட்கவில்லை என்றாலும் அப்படியே. இரண்டாவதாக ஒரு தியேட்டரில் பார்க்க முடிந்தால் பார்த்துவிட்டு எழுதுவேன். முடியாவிட்டால் ‘நான் பார்த்த தியேட்டரில் பின்னணி இசை வசனத்தை மூடியது’ என்று பார்த்ததை மட்டும் எழுதி, பழியை யார் மீதும் போடாமல் விடுவேன். உங்கள் விமர்சனத்தில் இரண்டாம் பாதி மொக்கை என்று சொன்னீர்களே, அதை மறுபடி எழுதும்போது வசனம் காதில் விழாததும் அந்த எரிச்சலில் சேர்ந்ததா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். சேர்ந்திருந்தால் அதை இப்படித் தனி வரியாக வைத்துவிட்டு, மீதி எரிச்சலுக்கு மேலே சொன்ன மூன்றில் எது காரணம் என்று பாருங்கள். எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள். அந்தப் படத்தைப் பார்க்காத ஆளாக முதல் சோதனைக்கு நான் தயார்.